பணம் போய்ச் சேர்ந்தது. யார் பணம் என்று தெரியவில்லை!

மணியார்டர் பாரத்தின் அடியில் ஒரு சிறு துண்டு இருக்கும். பணம் பெறுபவருக்கு நாலு வரி எழுத அதில் இடம் விட்டிருப்பார்கள். "விதைக் கிழங்குக்கு அனுப்பியுள்ளேன், பாக்கி அடுத்த மாதம்" என்று எழுதிவிட்டால், தபால்காரர் பணத்தைக் கொடுக்கும்போது அந்தத் துண்டையும் கொடுத்துவிட்டுப் போவார். பணமும் விவரமும் ஒரே கையால் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன.

இப்போது நாற்றுப் பண்ணைக்கும், சொட்டுநீர்க் குழாய் விற்பவருக்கும், வெளியூர் விதைக் கடைக்கும் நாம் வங்கி வழியாகவே பணம் அனுப்புகிறோம். பணம் முன்னைவிட வேகமாகப் போகிறது. ஆனால் விவரம் அதோடு போவதில்லை. வங்கிப் படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாம் எழுதுவது பெறுபவரின் கணக்குத் தாள்வரை முழுமையாகப் போய்ச் சேரும் என்று நம்பிவிட முடியாது. பெறுபவரின் தாளில் பொதுவாகத் தெரிவது நான்கே விஷயங்கள்: தேதி, தொகை, ஒரு நீண்ட எண், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்காரரின் பெயர். எந்த ஊர், எந்த பில், என்ன சரக்கு என்பது எதுவும் அதில் இராது.

ஆகவே பணம் அனுப்பியவுடன் அதன் விவரத்தைத் தனியாக எழுதி விற்றவருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. வியாபாரிகள் இதைப் 'பேமெண்ட் அட்வைஸ்' என்பார்கள். நாம் பண விவரக் கடிதம் என்று சொல்லிக் கொள்ளலாம். பத்து வரிக்கு மேல் தேவையில்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலும் போதும். ஆனால் அந்தப் பத்து வரியில் என்ன இருக்க வேண்டும், அதை எப்போது எழுத வேண்டும் என்பது தெரியாததால் பலர் சிக்கிக் கொள்கிறார்கள்.

ஒரு வாழை விவசாயியின் கணக்கு

ஒரு கணக்கை எடுத்துக் கொள்வோம். தொட்டியம் பக்கத்தில் தோட்டக்கால் வைத்திருக்கும் ஒரு விவசாயி. பெயர் முருகேசன் என்று வைத்துக் கொள்வோம். ஐப்பசி, கார்த்திகைப் பட்டத்தில் ஓர் ஏக்கருக்குத் திசு வளர்ப்பு ஜி-9 வாழை நட எண்ணி, ஓசூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் 1,200 கன்றுகளுக்கு முன்பதிவு செய்கிறார். கன்று ஒன்று 18 ரூபாய் வீதம் பில் 21,600 ரூபாய். செப்டம்பரிலேயே 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். போன தடவை வாங்கியதில் 20 கன்றுகள் அழுகி வந்ததால் அதற்கு 360 ரூபாய் கழித்துக் கொள்ளலாம் என்று பண்ணைக்காரர் போனில் ஒப்புக் கொண்டிருக்கிறார். ஆக முருகேசன் அனுப்ப வேண்டியது 16,240 ரூபாய்.

அவர் கணக்கில் அன்று பணம் போதவில்லை. மனைவி செல்வியின் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்கிறார். பணம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இனி பண்ணையின் கணக்குப்பிள்ளை இருக்கும் நாற்காலியிலிருந்து பாருங்கள். அவர் பேரேட்டில் முருகேசன் 16,600 ரூபாய் பாக்கி. 360 ரூபாய் கழிவைப் பற்றி முதலாளி அவரிடம் சொல்லவில்லை. வங்கித் தாளிலோ செல்வி என்ற பெயரில் 16,240 ரூபாய் வந்திருக்கிறது. பெயரும் பொருந்தவில்லை, தொகையும் பொருந்தவில்லை. அந்தப் பணத்தை அவர் என்ன செய்வார்? அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்பார். யாராவது கேட்டு வந்தால் பார்த்துக் கொள்ளலாம் என்று இருப்பார். முருகேசன் பேருக்கு எதிரே 'பணம் வரவில்லை' என்றே நிற்கும்.

நாற்றுப் பண்ணையில் பதப்படுத்திய கன்றுகளை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். பையில் வேர் சுருண்டுகொள்ளும். பின்னால் வரும் தொகுதிக்கும் நிழல்வலையில் இடம் வேண்டும். பணம் வராதவர் கன்று, பணம் கட்டிக் காத்திருப்பவர் வண்டியில் ஏறிவிடும். அடுத்த தொகுதி பதப்பட்டு வர வாரக் கணக்கில் ஆகும். குழி வெட்டி, தொழு உரம் போட்டு, ஆளும் பேசி வைத்த முருகேசனுக்குப் பட்டம் தவறிவிடும். அவருடைய பணம் அந்தப் பண்ணையின் கணக்கிலேயே பத்திரமாகக் கிடக்கும்போதுதான் இத்தனையும் நடக்கும்.

இரண்டு விவசாயிகள் ஒரே பெயரில் இருந்தாலும் இதே தொல்லைதான். ஒரே நாளில் இரண்டு முருகேசன்கள் ஒரே தொகை அனுப்பினால், ஒருவர் பணத்தில் இன்னொருவருக்குக் கன்று போய்விடவும் கூடும்.

அந்த நீண்ட எண்

இந்தக் குழப்பத்தை அறுப்பது வங்கி கொடுக்கும் அந்த நீண்ட எண்தான். யூ.டி.ஆர். எண் என்பார்கள், அச்சில் UTR என்றே இருக்கும். நம் வங்கி பணத்தை அனுப்பும்போது அந்த ஒரு அனுப்புதலுக்கென்று போடும் எண் இது. இரண்டாவது அனுப்புதலுக்கு அதே எண் வராது. நம்முடைய பாஸ்புத்தகத்தில் பற்று வைக்கும் வரியிலும், பண்ணையின் தாளில் வரவு வைக்கும் வரியிலும் இந்த எண் வரும். ஆகவே பெயர் மாறினாலும் தொகை மாறினாலும் எண்ணைத் தேடினால் வரவு கிடைத்துவிடும்.

எண்ணின் நீளத்தைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. என்.இ.எஃப்.டி. முறையில் அனுப்பினால் எழுத்தும் இலக்கமுமாக 16 இடங்கள் இருக்கும். ஆர்.டி.ஜி.எஸ். முறையில் 22 இடங்கள். ஆர்.டி.ஜி.எஸ். இரண்டு லட்ச ரூபாய்க்கும் அதற்கு மேலும் அனுப்புவதற்கு உள்ளது. டிராக்டர், பவர் டில்லர் வாங்குபவர்களுக்குத்தான் பெரும்பாலும் பயன்படும். கைபேசியில் யூ.பி.ஐ. மூலம் அனுப்பினால் 12 இலக்க எண் வரும். அதில் எழுத்து கலந்திராது.

நீளம் ஏன் தெரிய வேண்டும் என்றால், கவுண்ட்டரில் சில சமயம் படிவத்தின் ஓரத்தில் ஒரு சின்ன எண்ணை எழுதித் தருவார்கள். அது அந்தக் கிளை தன் உள் உபயோகத்துக்காக வைத்திருக்கும் வரிசை எண்ணாக இருக்கலாம். அதை ஓசூருக்கு எழுதி அனுப்பினால் அங்கே ஒருவருக்கும் விளங்காது. எட்டு, ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது என்றால், "ஐயா, யூ.டி.ஆர். எண் வேண்டும்" என்று கேட்டு வாங்க வேண்டும். முத்திரை குத்திய அடிச்சீட்டும் படிவத்தைப் பெற்றுக் கொண்டதற்கு அத்தாட்சியே தவிர, பணம் புறப்பட்டதற்கு அத்தாட்சி ஆகாது.

எண்ணைக் கையால் பார்த்து எழுதும்போது பூஜ்யமும் ஆங்கில O எழுத்தும், ஒன்றும் I எழுத்தும் மாறிப் போகின்றன. ஓரிடம் மாறினாலும் தேடினால் கிடைக்காது. குறுஞ்செய்தியில் வந்ததை அப்படியே நகல் எடுத்து ஒட்டுவது மேல். பாஸ்புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு வரியைப் படம் பிடித்து, எண்ணையும் கீழே எழுதி அனுப்புங்கள். இருப்புத் தொகை தெரியாமல் மேலே ஒரு தாளை வைத்துப் படம் எடுத்தால் போதும். நம் கையிருப்பு எவ்வளவு என்று விற்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை!

பணம் எப்போது சேரும்?

கடிதத்தில் பலரும் தவறவிடுவது இந்தத் தேதிதான். "இன்று பணம் கட்டிவிட்டேன், மாலைக்குள் வந்துவிடும்" என்று எழுதிவிடுகிறார்கள். எதை வைத்து எழுதுகிறார்கள்? படிவம் கொடுத்த நேரத்தை வைத்து. கணக்கிட வேண்டியது அந்த நேரத்தை வைத்து அல்ல. நம் கணக்கில் பற்று விழுந்த நேரத்தை வைத்து.

என்.இ.எஃப்.டி. ரிசர்வ் வங்கி நடத்தும் ஏற்பாடு. 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல், ஞாயிறு, பண்டிகை என்ற பேதமின்றி நடந்து வருகிறது. அரைமணிக்கு ஒரு தொகுதியாக, நாளுக்கு 48 தொகுதிகள். நம்மூர்ப் பஸ் நிலையத்தில் அரைமணிக்கு ஒரு வண்டி புறப்படுவதைப் போலத்தான். நாம் பத்து ஐம்பதுக்கு வந்து சேர்ந்தால் பதினோரு மணி வண்டி. ஒரு தொகுதி தீர்வான பின் இரண்டு மணி நேரத்துக்குள் பெறுபவரின் வங்கி அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். முடியாவிட்டால் அதே இரண்டு மணி நேரத்துக்குள் நம் வங்கிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் தொகுதி என்ற பேச்சில்லை. பெறுபவரின் வங்கிக்குச் செய்தி கிடைத்த அரைமணிக்குள் வரவு வைக்க வேண்டும்.

வண்டி இரவு பகலாக ஓடினாலும், நம்மை வண்டியில் ஏற்றிவிட வேண்டிய கிளை இரவு பகலாகத் திறந்திருப்பதில்லை. தாமதம் இங்கேதான் ஏற்படுகிறது. கைபேசியிலோ கணினியிலோ நாமே அனுப்பினால் பற்று உடனே விழுந்துவிடும். கவுண்ட்டரில் படிவம் கொடுத்தால், ஊழியர் அதைக் கணினியில் ஏற்றி, மேலாளரோ மற்றோர் அதிகாரியோ ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பற்று விழும்.

முருகேசன் கணக்குக்கே வருவோம். 2025 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. மாலை மூன்று நாற்பதுக்குப் படிவம் கொடுக்கிறார்கள். கூட்டம், படிவம் தட்டில் கிடக்கிறது. மறுநாள் 8-ம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. 9-ம் தேதி ஞாயிறு. 10-ம் தேதி திங்கட்கிழமை காலை பத்து ஐம்பதுக்குப் பற்று விழுந்து குறுஞ்செய்தி வருகிறது. பதினோரு மணித் தொகுதியில் போனால் பிற்பகல் ஒரு மணிக்குள் பண்ணையின் கணக்கில் வரவாக வேண்டும்.

வெள்ளிக்கிழமையே "இன்று அனுப்பிவிட்டேன்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? கணக்குப்பிள்ளை வெள்ளி மாலை பார்ப்பார், இல்லை. சனிக்கிழமை பார்ப்பார், இல்லை. மூன்றாம் தடவை பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. "இவர் சும்மா சொல்கிறார்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். திங்கட்கிழமை வருகிற பணம் அனாமத்தில் போய் விழும். கையில் எண் வருமுன் கடிதம் எழுதக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அவசரமாக ஒரு தகவல் சொல்லியே ஆக வேண்டுமானால், "படிவம் கொடுத்திருக்கிறேன், வங்கி திங்கட்கிழமை அனுப்பும், எண் வந்ததும் எழுதுகிறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

எதிர்பார்க்கும் தேதியைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவதில் தவறில்லை. கணக்குப்படி ஒரு மணிக்கு வர வேண்டியதை "10-ம் தேதி மாலைக்குள்" என்று எழுதலாம். மதியத்துக்கு மேல் பற்று விழுந்திருந்தால் "மறுநாள் காலைக்குள்" என்று எழுதலாம். பணம் அன்றே சேர்ந்தாலும், பண்ணை அலுவலகத்தில் தாளை எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் மறுநாள் காலையில்தான்.

கடிதம்

முருகேசன் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அனுப்ப வேண்டிய கடிதம் இப்படி இருக்கும். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காகப் போட்டவை.

"ஐயா, வணக்கம். முன்பதிவு எண் 318, தங்கள் பில் எண் 1147, தேதி 3-11-2025. ஜி-9 வாழைக் கன்று 1,200-க்கு உரிய பணம் அனுப்பியுள்ளேன்.

பில் தொகை ரூ. 21,600. இதில் 20-9-2025 அன்று கொடுத்த முன்பணம் ரூ. 5,000, தங்கள் ரசீது எண் 86. சென்ற முறை அழுகி வந்த 20 கன்றுக்குத் தாங்கள் ஒப்புக்கொண்ட கழிவு ரூ. 360. இவை போக அனுப்பியது ரூ. 16,240. இத்துடன் இந்த பில்லுக்கு பாக்கி இல்லை.

அனுப்பிய முறை என்.இ.எஃப்.டி. பற்று வைத்த நேரம் 10-11-2025 காலை 10.50. யூ.டி.ஆர். எண் ABCD123456789012. பணம் என் மனைவி செல்வியின் கணக்கிலிருந்து வருகிறது. முருகேசன், தொட்டியம் என்ற பெயரில் வரவு வைக்கவும். தங்களுடைய கணக்கில் 4471 என்று முடியும் எண்ணுக்கு அனுப்பியுள்ளேன். 10-ம் தேதி மாலைக்குள் வரவாகும் என்று எதிர்பார்க்கிறேன். பார்த்துவிட்டு ரசீது எண்ணையும், கன்று ஏற்றும் நாளையும் தெரிவிக்கவும்."

கழிவை எழுதும் இடத்தைக் கவனியுங்கள். தொகை பில்லோடு ஒத்துப் போகாதபோது, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப்பிள்ளை யூகிக்கும்படி விடக் கூடாது. 360 ரூபாயைக் கழித்தது ஏன் என்று எழுதாவிட்டால் அது பாக்கியாகவே பேரேட்டில் நிற்கும். அடுத்த வருஷம் கன்று கேட்கும்போது பழைய பாக்கி என்று கிளம்பும். ஒரே தொகையில் இரண்டு மூன்று பில்களுக்குச் சேர்த்து அனுப்புபவர்கள் எந்த பில்லுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவது அவசியம். இல்லையென்றால் விற்றவர் பழைய பில்லில் முதலில் வரவு வைத்துக் கொள்வார். நாம் சரக்குக்கு எதிர்பார்க்கிற பில் தீராமலே இருக்கும்.

வங்கிக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளையில் படிவம் கொடுத்து அனுப்பினால், பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை அதிகபட்சம் 5 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி. வரியும் பிடிப்பார்கள். அதை நம் கணக்கில் தனியாகப் பிடிப்பார்களே தவிர, அனுப்பும் தொகையில் குறைக்க மாட்டார்கள். பெறுபவருக்கும் கட்டணம் கிடையாது. ஆகவே "வங்கி பிடித்துக் கொண்டதால் ஐந்து ரூபாய் குறைந்து வந்தது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எதற்கு?

கடிதத்தில் '4471 என்று முடியும் எண்' என்று எழுதியதைச் சிலர் வேண்டாத வேலை என்று நினைக்கலாம். என் அபிப்பிராயத்தில் யூ.டி.ஆர். எண்ணுக்கு அடுத்தபடி முக்கியமான வரி இதுதான்.

பெறுபவரின் வங்கி வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் பார்த்து. படிவத்தில் நாம் பண்ணையின் பெயரை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், எண்ணில் ஓர் இலக்கம் பிசகி அது வேறொருவர் கணக்காக அமைந்துவிட்டால் பணம் அவரிடம் போய்விடும். அப்படி ஓர் எண்ணே இல்லாவிட்டாலோ, கணக்கு மூடப்பட்டிருந்தாலோ பணம் திரும்பி வந்துவிடும். அது ஒருவகையில் அதிர்ஷ்டம். வேறொருவர் கணக்கில் விழுந்த பணத்தை மீட்பது பெரும்பாடு. அவர் சம்மதமின்றி வங்கி தானாக எடுத்துக் கொடுத்துவிடாது.

கடைசி நான்கு இலக்கத்தைக் கடிதத்தில் கண்டதும், "எங்கள் கணக்கு 4417 அல்லவா!" என்று பண்ணையில் அன்றே சொல்லிவிடுவார்கள். நாளாவதற்கு முன் வங்கிக்கு ஓட அவகாசம் கிடைக்கும்.

இதைவிட நல்லது, அனுப்புமுன் பெயரைச் சரிபார்ப்பது. கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொடுத்தால் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கைபேசி, கணினி மூலம் அனுப்புபவர்களுக்கு மட்டுமன்றி, கிளைக்கு நேரில் வருபவர்களுக்கும் இது உண்டு. படிவம் கொடுக்கும்போது "பெயர் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 இடங்கள் கொண்டது; ஐந்தாவது இடத்தில் இருப்பது எப்போதும் பூஜ்யம், O எழுத்தல்ல.

விற்பவரிடமிருந்து "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று செய்தி வந்தால், அந்தச் செய்தி வந்த எண்ணுக்கே பேசித் தெளிவு பெறாதீர்கள். பழைய பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். பண்ணைக்காரர் பெயரில் வேறு யாரோ அனுப்பிய செய்தியாகவும் அது இருக்கலாம்.

பணம் வரவில்லை என்று பதில் வந்தால்

குறித்த நேரம் தாண்டியும் வரவில்லை என்று பண்ணையிலிருந்து சொன்னால், முதலில் நம் பாஸ்புத்தகத்தைப் போட்டுப் பாருங்கள். அதே தொகை மறுபடி வரவாகியிருந்தால் பணம் திரும்பிவிட்டது என்று பொருள். அந்த வரியில் RETURN என்றோ RTN என்றோ சேர்ந்திருக்கும். கணக்கு எண்ணைச் சரிபார்த்து மறுபடி அனுப்ப வேண்டும். மறுபடி அனுப்பும்போது புது எண் விழும். பழைய எண் செல்லாது என்று சொல்லிப் புதுக் கடிதமே எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு இரண்டு பணம் வரவேண்டும் என்று அங்கே காத்திருப்பார்கள்.

பணம் திரும்பவும் இல்லை, அங்கே சேரவும் இல்லை என்றால் நம் கிளைக்குப் போய் யூ.டி.ஆர். எண்ணைக் கொடுத்து நிலவரம் கேட்க வேண்டும். என்.இ.எஃப்.டி.யில் பெறுபவர் கணக்கில் வரவு வைத்ததும் அந்த வங்கியிலிருந்து நம் வங்கிக்கு ஒப்புதல் செய்தி வரும். அதைத்தான் நம் வங்கி இரண்டாவது குறுஞ்செய்தியாக நமக்கு அனுப்புகிறது. முதல் செய்தி பற்று வைத்ததற்கு, இரண்டாவது அங்கே வரவு வைத்ததற்கு. படிவத்தில் கைபேசி எண்ணை எழுதாமல் விடுபவர்களுக்கு இந்த இரண்டாவது செய்தி கிடைக்காமல் போகிறது. இரண்டாவது செய்தி வந்திருந்தால், அதை அப்படியே பண்ணைக்கு அனுப்பி, "தங்கள் வங்கியில் வரவாகியிருக்கிறது, யூ.டி.ஆர். எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம். பெரும்பாலும் அனாமத்துக் கணக்கிலிருந்து முருகேசன் பணம் வெளியே வந்துவிடும்.

வங்கியே தாமதித்திருந்தால், தாமதித்த நாளுக்கு ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இரண்டு சதம் சேர்த்து வட்டி தர வேண்டும். நாம் கேட்கும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும் என்பதே விதி. 2025 நவம்பரில் ரெப்போ விகிதம் ஐந்தரை சதம். 16,240 ரூபாய்க்கு ஏழரை சத வட்டியில் மூன்று நாளுக்குக் கணக்குப் போட்டால் பத்து ரூபாய் வருகிறது. நட வேண்டிய பட்டம் போன பிறகு அந்தப் பத்து ரூபாயை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம், நியாயம்தான். வங்கியின் தாமதம் நமக்குத் தெரிய வந்த அன்றே பண்ணைக்காரருக்கு எண்ணோடு எழுதி, கன்றை இரண்டு நாள் நிறுத்தி வைக்கக் கேட்பதே வட்டியைவிட நமக்குப் பயன்படும்.

கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அந்த மனுவிலும் முதலில் கேட்பது தேதி, தொகை, யூ.டி.ஆர். எண் ஆகியவற்றைத்தான். பண விவரக் கடிதத்தின் நகல் கையில் இருந்தால் அதைப் பார்த்தே மனுவை எழுதிவிடலாம். கன்று வந்து இறங்கி, பண்ணையின் ரசீதும் வந்த பிறகு அந்த நகலை பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அடுத்த கன்றுக்கு முன்பணம் கட்டும்போது ரசீது எண்ணுக்காகத் தேட வேண்டியிராது.